புட்டிக்குப் பின்னால்

நான் பூச்சு வேலை, சாயம் அடிக்கிற வேலை செய்கிறவன். தீபாவளிக்கு முன்னால்தான் எங்களுக்கு ஓட்டம். அந்த வருஷம் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், பூக்கடை அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டார். கடை முன்னால். வீடு பின்னால். பழைய செங்கல் வீடு.

உள்ளே போனதும் முன் கூடத்துச் சுவரைக் காட்டினார். சுவர் முழுக்க மெல்லிய கீறல். சிலந்தி வலை மாதிரி.

"தம்பி, வீடு விழுந்துருமா? ராத்திரி இதப் பாத்துக்கிட்டே படுக்கிறேன். தூக்கமே இல்ல."

விரல் கணுவால் தட்டிப் பார்த்தேன். கெட்டியான சத்தம். பொள்ளல் இல்லை. நகத்தை வைத்தேன். இறங்கவில்லை. ஓர் ஓரத்தைச் சுரண்டினேன். கீறல் பூச்சோடு நின்றது. உள்ளே செங்கல் சுத்தமாக இருந்தது.

"இது வெறும் முடிக் கீறல்க்கா, மலாய்ல ரெத்தாக் ரம்புத். முடி கனம்தான். பழைய சுண்ணாம்புச் சுவர்ல யாரோ கெட்டி சிமெண்டு பூசியிருக்காங்க. வெயில்ல சீக்கிரம் காஞ்சிருச்சு. காயும்போது சுருங்கும், கீறும். சுவருக்கு ஒண்ணும் இல்ல."

"நெசமாவா?"

"நெசமா லா."

அக்கா நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். "அப்ப பின் அறைக்கும் சாயம் அடிச்சிரு. அங்க ஒரே ஒரு கோடுதான். வருஷா வருஷம் தீபாவளிக்கு நானே புட்டிப் பசை வச்சு அடைச்சிருவேன்."

பின் அறையில் அவர் கணவர் படுத்திருந்தார். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை.

"வா தம்பி. செத்தாத்தான் மண்ணு போடுவாங்க. எனக்கு இப்பவே போடுறாங்க."

தலையணையில் சிவப்புத் தூள்.

"உத்தரத்துல செல்லு அரிக்குது தம்பி" என்றார் அக்கா. "தினமும் தட்டி விடுறேன்."

கட்டிலுக்கு மேலே நாட்காட்டி தொங்கியது. எடுத்தேன்.

ஜன்னலின் மேல் மூலையில் தொடங்கி, வீட்டின் பின் மூலையைப் பார்த்துச் சாய்வாக ஏறியது விரிசல். நேர்க்கோடு இல்லை. செங்கல் இடுக்கு வழியாகப் படிக்கட்டு மாதிரி. கீழே ஒல்லி. மேலே என் சுண்டு விரல் நுழைந்தது. புட்டி பட்டை பட்டையாக இருந்தது. ஒன்றின் மேல் ஒன்று. எல்லாம் நடுவில் பிளந்திருந்தது.

ஜன்னல் சட்டத்தைத் தடவிப் பார்த்தேன்.

"ஜன்னல் மூடுதாக்கா?"

"இல்ல. போன மாசம் கட்டையச் சீவினேன். மறுபடியும் முட்டுது."

வெளியே போய்ப் பார்த்தேன். அதே இடத்தில் அதே படிக்கட்டு. பூச்சுக் கீறல் என்றால் உள்ளே மட்டும்தான் தெரியும். இது சுவரைத் துளைத்து வந்திருந்தது. மூலையில் கழிவுநீர்க் குழாய் உடைந்து கசிந்துகொண்டிருந்தது. பக்கத்து மண்ணில் கம்பியைக் குத்தினேன். சோற்றில் இறங்குவதுபோல் இறங்கியது. தண்ணீர் அடி மண்ணைக் கரைத்துவிட்டது. மூலை இறங்குகிறது. இறங்காத சுவரிலிருந்து கிழிகிறது. அதனால்தான் சாய்வு.

சுவர் இன்னும் அசைகிறதா என்று பார்க்க, விரிசலுக்குக் குறுக்கே கொஞ்சம் சுண்ணக்கட்டிக் கலவை தடவினேன். "மாமாவ முன் கூடத்துக்கு மாத்திருங்கக்கா" என்றேன்.

"தீபாவளி வருது. சனங்க வர்ற எடத்துல கட்டிலப் போடவா? ஒரு கோட்டுக்கா? நீ புட்டி வை தம்பி, அது போதும்."

அழுத்திச் சொன்னேன். கேட்கவில்லை. அன்று வீட்டுக்குப் போனேன்.

காலையில் முதல் ஆளாகப் போனேன். கலவை நடுவில் மயிரிழையாகப் பிளந்திருந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நேத்து வச்சது" என்றேன். "இது சுருங்கிக் கீறல. ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு நடுவுல அறுந்திருக்கு. சுவரு நடக்குதுக்கா."

அக்கா குனிந்தார். தலையணைத் தூளைத் தொட்டுப் பார்த்தார். விரல்களில் தேய்த்தார். மணல்.

"நாந்தான் சொன்னேன்ல" என்றார் கணவர். "செல்லு செங்கல் தின்னாது."

அக்கா கட்டிலின் ஒரு பக்கம் பிடித்தார். நான் மறு பக்கம். கதவு நிலை கோணியிருந்தது. கட்டில் உரசியது. அந்தச் சத்தத்துக்கு மேலே எதுவோ பொலபொலவென்று உதிர்ந்தது. நாங்கள் நிற்கவில்லை. இழுத்தோம்.

எனக்குத் தெரிந்த பெண் இன்ஜினியருக்குப் போன் போட்டேன். மத்தியானமே வந்தார். விரிசலைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். அறையைப் பூட்டச் சொன்னார். இரும்பு முட்டுக் கொடுத்தோம். குழாயை மாற்றி, அடித்தளம் கட்டின பிறகுதான் சுவரைத் தொடலாம் என்றார். அதுவரை புட்டி வைக்கக் கூடாது. விரிசல் நம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

தீபாவளிக்குச் சாயம் இல்லை. முன் கூடத்தில், சிலந்தி வலைக் கீறலுக்கு அடியில், கட்டில் கிடந்தது.

முறுக்குத் தட்டோடு வந்த அக்கா சுவரை ஒரு முறை பார்த்தார்.

"இது விழாதுல்ல தம்பி?"

"விழாதுக்கா."

சொல்லிவிட்டேன். ஆனாலும் எழுந்து போய், இன்னொரு முறை தட்டிப் பார்த்தேன்.