புள்ளிக்கோட்டுக்குக் கீழே

மலாக்காவில் புக்கிட் காத்தில் என்ற எங்கள் தாமான் குடியிருப்பின் வாசலில் இருந்த கடை வரிசையில், முடிதிருத்தும் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒரு லாட் காலியானபோது, அதை விடக்கூடாது என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பக்கத்தில் செங் என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்டு மாற்றி ஷிப்டு வேலை பார்த்து, மிச்ச நேரத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சேலையும் விற்று ரவிக்கையும் தைத்துக் கொடுக்கும் கடை ஒன்று நம் தாமானில் இல்லையே என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாரும் வாங்குவார்கள் என்று நம்பும் அளவுக்கு அப்போது எனக்கு விவரம் போதாது.

என் கணவர் லாரி ஓட்டுநர். கடைக்கு அவர் சரி என்றார், ஆனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அக்கா வந்து குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். அக்கா என்றால் என் நாத்தனார். சின்ன வயதிலேயே தாயை இழந்த தம்பியை ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டே வளர்த்தவர். இப்போது தங்கா பத்துவில் மகன் வீட்டில் இருந்தார். அவர் மனம் நிறைந்து வந்து நிற்காவிட்டால் தான் அந்தக் கடைப் படியை மிதிக்க மாட்டேன் என்று கணவர் சொன்னார். அவர் அதிகம் பேசாத மனிதர். அப்படிப்பட்டவர் ஒன்றைச் சொன்னால் அது நடந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

அழைப்பிதழை நானே எழுதினேன். மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே 'அன்புடையீர்', பிறகு நாள், நல்ல நேரம், கடை இருக்கும் இடம், 'தாங்கள் குடும்பத்துடன் வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்.' இதுவரை எல்லாரும் எழுதுவதுதான். அதற்குக் கீழே ஒரு புள்ளிக்கோடு போடச் சொன்னேன். கோட்டுக்குக் கீழே: 'திறப்பு விழா அன்று மட்டும், இந்தத் துண்டைக் கொண்டு வருவோருக்கு எல்லாச் சேலைகளுக்கும் இருபது விழுக்காடு கழிவு. அன்று வாங்கும் சேலைக்கு ரவிக்கைத் தையல் கூலி பாதி.'

மலாக்கா டவுனில் இருந்த அச்சகக்காரர் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். சொந்தக்காரர்களுக்கு ஒரு கார்டு, வெளியாட்களுக்கு ஒரு நோட்டீஸ் என்று இரண்டாக அடிப்பதுதான் வழக்கம் என்றார். இரண்டு அடித்தால் இரண்டு செலவு. ஒன்றே போதும் என்று நான் சொல்லிவிட்டேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. கல்யாணக் கார்டு அடிக்கிற அதே தடித்த மஞ்சள் அட்டையில் அழகாக அடித்துக் கொடுத்தார்.

முதல் கார்டு நாத்தனாருக்கு. தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கார்டின் நான்கு மூலையிலும் மஞ்சள். தங்கா பத்து போய் இறங்கும்போதே கணவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார், சேலை சரியாக இருக்கிறதா என்று. உள்ளே போய் இருவரும் தட்டை நீட்டினோம். "அக்கா, நீங்கதான் வந்து நின்னு நடத்தணும்" என்று அவர் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

நாத்தனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிள்ளையார் சுழியிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர், ஒரு எழுத்தையும் விட மாட்டார். புள்ளிக்கோட்டுக்குக் கீழே வந்ததும் நிறுத்தினார். மறுபடியும் படித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கல்யாணக் கார்டுல மொய் எவ்வளவுன்னு அச்சடிப்பியா?"

அது கழிவு, மொய் இல்லை என்று முனகினேன். கழிவு கொடுத்துத்தான் தன் தம்பி கடைக்குத் தன்னைக் கூப்பிட வேண்டியிருக்கிறதா, தான் என்ன பாசார் மாலம் இரவுச் சந்தையில் சேலை பொறுக்க வருகிறவளா என்று அவர் நிதானமாகக் கேட்டார். வெற்றிலையை எடுத்துக்கொண்டார், பழத்தையும் எடுத்துக்கொண்டார். கார்டை மட்டும் தட்டிலேயே வைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான், வர மாட்டேன் என்று. காப்பி கொடுத்தார், குடித்தோம், கிளம்பினோம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தானே கழிவு கொடுக்கிறேன், இதில் என்ன மரியாதை குறைந்துவிட்டது என்று எனக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். கடை எனக்கு வேண்டும். நாத்தனார் வராமல் கடை இல்லை. வீட்டுக்கு வந்ததும் துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தேன். சொந்தக்காரர்களுக்கென்று ஒதுக்கிய கார்டுகளில் புள்ளிக்கோட்டோடு கீழ்ப்பகுதியை நறுக்கி எடுத்துக் குப்பையில் போட்டேன். கோபத்தில் வெட்டினாலும் கோணல் இல்லாமல்தான் வெட்டினேன். தையல்காரி கை அப்படி.

அடுத்த நாள் மறுபடியும் தங்கா பத்து, மறுபடியும் தட்டு. கணவர் மறுபடியும் அதே வார்த்தையைச் சொன்னார். நாத்தனார் கார்டின் அடியைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். என் கணவர் முகத்தில் அன்றுதான் இரத்தம் ஓடியது.

சொந்தக்காரர்களுக்கெல்லாம் வெட்டிய கார்டு போயிற்று. தாமான் வீடுகளுக்கும், என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்களுக்கும் வெட்டாத கார்டு போயிற்று. கல்லாவில் உட்காரப் போகிற என் தங்கையிடம், துண்டு இருந்தால் கழிவு, இல்லையென்றால் கிடையாது, யார் முகத்தையும் பார்க்காதே என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே பால் பொங்கியது, சூடம் காட்டி வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். நாத்தனார் குத்துவிளக்கு ஏற்றினார். கணவர் கைகட்டி நின்றார். பிறகு போணி. வேறு யாரும் கை வைக்கும் முன் தானே செய்ய வேண்டும் என்று நாத்தனார் அலமாரி முன்னால் வந்து, பச்சையில் சின்னச் சின்னப் பூப் போட்ட கிரேப் சேலை ஒன்றை எடுத்தார். விலைச் சீட்டைப் பார்த்தார், முழுப் பணத்தையும் எண்ணி வெற்றிலை மேல் வைத்துக் கொடுத்தார். நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கல்லாப் பெட்டியில் போட்டேன். அந்த நிமிடம் எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

அடுத்து வந்தவர் பின் லோரோங் சந்தில் குடியிருந்த ஒரு அம்மா. அதே கிரேப், அரக்கு நிறம். கைப்பையிலிருந்து மஞ்சள் துண்டை எடுத்துக் கல்லாவில் வைத்தார். என் தங்கை அதை வாங்கி, கணக்குப் பொறியைத் தட்டி, இருபது விழுக்காடு போக மிச்சம் இவ்வளவு என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். மடியில் பச்சைச் சேலைப் பொட்டலம்.

கடைக்குள் இருந்த சொந்தக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். கணவரின் சித்தப்பா மருமகள் ஒருத்தி தன் கார்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். வெளியாளுக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலையா என்று யாரோ பின்னால் கேட்டார்கள். நாத்தனாருக்குக் கழிவுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால், போணிக் காசைப் பெட்டியிலிருந்து அன்றைக்கு வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தால் கடை விளங்காது என்று சொல்ல அங்கே ஒரு பத்துப் பேராவது இருந்தார்கள், அதில் முதல் ஆள் நாத்தனார்தான்.

அவர்தான் வாயைத் திறந்தார். "என் கார்டுலயும் அந்தத் துண்டு இருந்துச்சே. எங்க போச்சு?"

"நீங்கதான் வேணாம்னீங்க, அண்ணி. வெட்டிட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு வெடுக்கென்று சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. வாசலில் நின்ற என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நாத்தனார் எழுந்து போய்விடுவார், இத்தோடு கடை முடிந்தது என்றே நினைத்தேன்.

நாத்தனார் எழுந்தார். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை. சொந்தக்காரர்களைப் பார்த்துத் திரும்பி, துண்டெல்லாம் வெளியாட்களுக்கு, நம் ஆட்கள் வாயால் கேட்டால் போதும், அதே கழிவு உண்டு என்று தன் கடையைப் போல அறிவித்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போணி செய்த தனக்கு மட்டும் கிடையாது, போணி முழு விலைதான் என்றும் சொன்னார். என் தங்கை என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேறென்ன செய்வது. மத்தியானத்துக்குள் கிரேப் அலமாரி காலி. சொந்தக்காரர்கள் இவ்வளவு பேர் சேலை வாங்குவார்கள் என்று நான் எண்ணவே இல்லை. சேலைகளை அனுப்பிய கோலாலம்பூர் மொத்தக் கடைக்காரருக்குப் போக எனக்கு நின்றது சொற்பம். அதை நினைக்க எரிச்சலாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

சாப்பாடு முடிந்து கூட்டம் குறைந்த பிறகு நாத்தனார் பின்பக்கம் தையல் மெஷின் போட்டிருந்த இடத்துக்கு வந்தார். பச்சைச் சேலையை மேசையில் வைத்து, ரவிக்கைக்கு அளவு எடுக்கச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்ததே இல்லை. தங்கா பத்துவில் யாரிடமோதான் தைப்பார். நான் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அவர் முதுகுப் பக்கம் போனேன். தோளில் வைத்தபோது எலும்பு கையில் தட்டியது. ஆள் இவ்வளவு இளைத்திருப்பதை நான் கவனித்திருக்கவில்லை.

என் பக்கம் திரும்பாமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கார்டுல என்ன வேணும்னாலும் அடிச்சுக்க. எனக்கு அது பெருசில்ல. ரெண்டு தடவ தட்டத் தூக்கிட்டு வந்த. ரெண்டு தடவையும் அவன்தான் பேசுனான். நீ ஒரு தடவ வாயத் தொறந்து 'வாங்கண்ணி'ன்னு சொன்னியா?"

சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். முதல் தடவை பக்கத்தில் நின்றேன். இரண்டாம் தடவை, வெட்டிய அடிப்பகுதி அவர் கண்ணில் படுமோ என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். காப்பிக்கு நன்றி சொன்னேன். எவ்வளவு துருவினாலும் அந்த ஒரு சொல் அகப்படவில்லை. இதைக் கார்டை நீட்டிய அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அவர் மேல் திரும்பவும் கோபம் வந்தது.

காலை முதல் என் கடையில் விளக்கேற்றி, போணி செய்து, என் சரக்கையெல்லாம் விற்றுக் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டி நிற்கிற மனுஷியிடம் அந்தச் சொல்லைப் போய் இப்போது எப்படிச் சொல்வது? இருந்தாலும் சொன்னேன்.

"வாங்கண்ணி."

அவர் தோள் லேசாக அசைந்தது.

"வந்துட்டேன்லா," என்றார். "அளவ எடு."