வரவேற்புரையில் தாண்டிய பக்கம்

திண்டுக்கல் தபாலாபீசில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் வாய் நீளம் என்று பெயர் வாங்கியிருந்தேன். அதனால் யார் ஓய்வு பெற்றாலும் பிரிவு உபசார விழாவின் வரவேற்புரை என் தலையில்தான் விழும். இரண்டு பேரைச் சிரிக்க வைத்து அனுப்பியும் இருந்தேன். நயா பைசா வந்த புதிது. நானும் புதுக்காசு மாதிரித்தான் சத்தம் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

வரவேற்புரை சின்ன வேலை என்று நினைப்பவர்கள் ஒரு தடவை எழுந்து நின்று பார்க்க வேண்டும். முதலில் தலைவர், அடுத்து விழா நாயகர், பிறகு அவர் குடும்பத்தார், அதன் பிறகே வெளியிலிருந்து வந்தவர்களும் நம் ஆட்களும். ஒருவரை விட்டுவிட்டால் ஆறு மாதம் முகம் கொடுக்க மாட்டார்கள். ஓய்வு பெறுகிறவர் எந்த ஊரில் எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்பதையெல்லாம் தொடக்கூடாது; அது அடுத்து வாழ்த்திப் பேசுகிறவர்களின் சரக்கு. ஐந்து நிமிடத்துக்குள் சபையை ஒரு தடவையாவது சிரிக்க வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மாலை போடுவதற்கு முன்பே மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிடுவார்கள். கேலி அவருடைய பழக்கத்தின்மேல் விழலாம், அவருடைய கஷ்டத்தின்மேல் விழக்கூடாது. இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அந்த மாதம் ஓய்வு பெற்றவர் தபால் பிரிக்கும் மூத்த குமாஸ்தா. விடியற்காலை ரயிலில் வரும் பைகள் ஸ்டேஷனிலிருந்து வண்டியில் வந்து இறங்கும்போது அவர் எங்களுக்கு முன்பே மேஜையருகில் நிற்பார். அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, சணலை அறுத்து, பையை மேஜைமேல் கொட்டுவார். ஒருநாளும் வேறு ஆளை முதல் பையைத் தொட விட்டதில்லை. கையெழுத்தைப் பார்த்தே இது வேடசந்தூர்க் கடைக்காரர், இது தொப்பம்பட்டி வாத்தியார் என்று சொல்லிவிடுவார். விலாசம் பாதி அழிந்த கார்டைக்கூட உரிய வீட்டுக்கு அனுப்பிவைப்பார். மனைவி இறந்து பல வருடம் ஆகிவிட்டதென்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். வேறு யாரும் இருக்கிறார்களா என்று நான் விசாரிக்கவில்லை. வரவேற்புரை எழுதுகிறவன் முதலில் விசாரிக்க வேண்டியதே அதைத்தான்.

இரண்டு பக்கம் எழுதினேன். முதல் பக்கத்தில் தலைவருக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். பின்பக்கத்தில் அவருடைய கைராசியும் கண்ராசியும். அந்தப் பக்கம் நன்றாகவே வந்திருந்தது, இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். அடியில் ஒரு கேலி. குடும்பத்தாரை வரவேற்கிறேன் என்ற வரியையும் எழுதி, அவரிடம் போய், “யார் யார் வாராங்கய்யா?” என்று கேட்டேன்.

“யாரும் வரலை தம்பி. அந்த வரியை அடிச்சிரு” என்றார்.

அடித்துவிட்டேன். அப்போதாவது புத்தி வந்திருக்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம். பிரிக்கும் மேஜையையே இழுத்துப் போட்டு, வேட்டி விரித்து, மேடையாக்கியிருந்தோம். போஸ்ட்மாஸ்டர் தலைமை. பெரியவர் கழுத்தில் சம்பங்கி மாலை. அவர் குடும்பத்துக்கென்று போட்ட நாற்காலியை எடுக்க மறந்துவிட்டோம். அது அவர் பக்கத்திலேயே காலியாகக் கிடந்தது. நான் வணக்கங்களை வரிசை தப்பாமல் முடித்துவிட்டு, சபையைப் பிடித்து வைக்க ஒரு தூண்டில் போட்டேன். “நம்ம ஐயா தினமும் எல்லாருக்கும் முன்னாடி வந்து முதல் பையைப் பிரிக்கிறாரே, அது ஏன்? அந்த ரகசியத்தைக் கடைசியில் சொல்கிறேன்” என்றேன். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்போது பேகம்பூர்ப் பக்கம் தபால் கொடுத்துவிட்டு வந்த தபால்காரர் பாய், வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். பெரியவரோடு இருபது வருடம் பழகியவர். நான் சொன்னதைக் கேட்டதும் கையைத் தூக்கி இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டினார். எங்கள் கூட்டங்களில் பின்னால் இருந்து கை ஆட்டினால் ‘சுருக்கு, காபி ஆறுது’ என்று அர்த்தம். சரி, நேரமாகிவிட்டது என்று நினைத்தேன். அந்த நல்ல பக்கத்தை அப்படியே தாண்டினேன். நேரே கேலிக்கு வந்துவிட்டேன்.

“ரகசியம் இதுதான். ஐயாவுக்கு யாரோ தினமும் கடுதாசி போடுறாக! அது வேற ஆளு கண்ணுல பட்டுறக்கூடாதுன்னுதான் இம்புட்டு அவசரம். இனிமே அது எங்க கையில மாட்டும். பிரிச்சுப் படிக்காம தரமாட்டோம்!”

சபை வெடித்துச் சிரித்தது. போஸ்ட்மாஸ்டர் மேஜையைத் தட்டினார். பெரியவரும் சிரித்தார், எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிக நேரம். பாய் மட்டும் கையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காபி கொடுக்கும்போது பாய் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“வேண்டாம்னுதானலே கை காட்டுனேன். அவருக்கு ஒரே மகன். பதினோரு வருசத்துக்கு முந்தி அப்பனோட சண்டை போட்டுட்டுப் போனவன். போகும்போது வாரேன்னுகூடச் சொல்லலை. போறேன்னுட்டுப் போயிட்டான். அவன் எழுத்து வருதான்னு பாக்கத்தான் இந்த மனுசன் தினம் முதப் பையைத் தொடுறாரு. ஒரு கார்டு வந்ததில்லை.”

என் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று அவரிடம் போனேன். அவர் மாலையைக் கழற்றி அந்தக் காலி நாற்காலியின்மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, தெரியாமப் பேசிட்டேன்...”

“அதுக்கென்ன, எல்லாரும் சிரிச்சாகல்ல” என்றார். பிறகு என் சட்டைப்பையைக் காட்டி, “அந்தத் தாளைக் குடு” என்றார்.

கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். அடித்த வரியையும் படித்தார். நான் தாண்டிய பக்கத்தில் செத்த நேரம் நின்றார்.

“இதை ஏன் வாசிக்கலை?”

“நேரமாயிருச்சுன்னு நினைச்சேன்யா” என்றேன்.

“சரி, நான் வச்சுக்கிறேன். எனக்குன்னு எழுதுனதுதானே” என்று நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பதினோரு வருடத்தில் அவர் பெயருக்கு எழுதப்பட்டு அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது அந்த ஒரு தாள்தான்.

வாசலில் எல்லோரும் நின்றோம். எங்கள் பக்கம் யாரும் விடைபெறும்போது போறேன் என்று சொல்ல மாட்டார்கள்; வாரேன் என்பார்கள். பாய்தான் எடுத்துக் கொடுத்தார். “போயிட்டு வாரேன்னு சொல்லுங்க.”

“போறேன்” என்றார் அவர். சொல்லிவிட்டுப் போனார்.

முதல் பையைத் திங்கட்கிழமை நான் பிரித்தேன். அன்றிலிருந்து இடமாற்றம் வரும்வரை நான்தான் பிரித்தேன். கடிதங்களுக்குள் அவர் பெயரைத் தேடினேன், வரவே இல்லை. மகன் எழுதுகிற மாதிரி நானே ஒரு கார்டு போட்டுவிடலாமா என்று ஒருநாள் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊரில் யார் எழுத்து என்றாலும் பார்த்ததும் கண்டுபிடிக்கிற மனிதர். அதுவும் என் எழுத்து அவர் பையிலேயே இருந்தது.