மாடி வாசலில் முதல் கைப்பிடி

தேவிகுளம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற என் அம்மா முருகேஸ்வரிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. இருந்தும் இரண்டாம் மாடியில் உள்ள தன் அறையை விட மாட்டாள். அண்ணன் ராஜசேகர் வாசலில் சாய்தளம் போட்டபோதே சந்தேகப்பட்டாள்.

"என்னையக் கீழ தள்ளிட்டு ரூம டூரிஸ்டுக்கு விடப் போறான். நீயும் கூட்டாடி?" என்றாள் என்னிடம்.

ஆள் நடமாடினால் தானே எரியும் விளக்குகளைப் படிக்கட்டில் மாட்டினோம். "நான் எங்க போறேன்னு வேவு பாக்கவா?" என்று முறைத்தாள்.

கைப்பிடி வைக்க வெல்டர் முனீஸ்வரன் வந்தான். அம்மாவைச் செருப்போடு கீழ்ப்படியருகே நிறுத்தி, தொங்கிய கையின் மணிக்கட்டு உயரத்தைச் சுவரில் குறித்தான்.

"பெரியம்மா குள்ளம். வழக்கமான உசரத்துல வச்சா தோள்பட்ட தூக்கிக்கும். இது டூரிஸ்டுக்கு ஆகாது, குனியணும்."

"இது கீழ்ப்படிக்கு. மாடிக்கு?" என்றாள் அம்மா.

"மேல வரைக்கும் ரெண்டு பக்கமும் இதே அளவுதாம்மா" என்றான் அண்ணன்.

அம்மா வலியில்லாத காலை முன்வைத்து, ஒவ்வொரு படியாக ஏறித் தன் அறை வாசலில் நின்று கையைத் தொங்கவிட்டாள்.

"இங்கேருந்து ஆரம்பிலே."

"யாராவது மேலேருந்து ஆரம்பிப்பாங்களா, பெரியம்மா?"

"நீ ஆரம்பி."

சுவரில் துளை போட்டு, போல்ட்டை முறுக்கி, குழாயைப் பொருத்தும்வரை அவள் நகரவில்லை. பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"ராசு, அவனுக்குக் காப்பி போடு" என்றாள் அண்ணனிடம்.