கொட்டேஷனின் இரண்டாம் பக்கம்

பிளம்பருக்குத் தெருவில் வைத்த பெயர் 'நிதானம்'. எதைக் கேட்டாலும், "நிதானமா பாத்துட்டுச் சொல்றேன்" என்பார். அவர் வருவதற்குள் ஒழுகுகிற குழாய் தானாகவே நின்றுவிடும் என்று கடைக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். ஆனால் அவர் பூட்டிய குழாய் திரும்ப ஒழுகியதாக யாரும் சொன்னதில்லை.

கொட்டேஷனிலும் அதே நிதானம்தான். முதல் பக்கத்தில் பொருள்களும் கூலியும் இருக்கும். இரண்டாம் பக்கத்தில், எதையெல்லாம் நம்பி இந்தத் தொகையைச் சொல்கிறார் என்று வரும்: மெயின் வால்வு சரியாக மூடும், மாடிகளுக்கெல்லாம் பொதுவாகப் போகும் பெரிய குழாய் நல்ல நிலையில் இருக்கும், உடைக்கிற இடத்துக்குப் பொருத்தமான டைல்ஸை வீட்டுக்காரர் வாங்கித் தருவார். இதில் எது மாறினாலும் முதலில் சொல்லிவிட்டு, தனியாகக் கணக்குப் போடுவேன் என்பது கடைசி வரி. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று உடைக்காமல் யாருக்குத் தெரியும்?

அவர் பென்சிலில் எழுதியதை டைப் அடித்து அனுப்புவது மச்சானின் வேலை. மனைவியின் தம்பி. வேலையில்லாமல் இருந்தவனை இவர்தான் கூட வைத்துக்கொண்டார். போனும் கணக்கும் அவன் பொறுப்பு. தான் குழாய் வேலையில் கிடக்கும்போது கையெழுத்துக்காக யாரும் காத்திருக்க வேண்டாம் என்று, கடைப் பெயர் அச்சிட்ட வெறும் தாள்களில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு அவனிடம் கொடுத்திருந்தார்.

ஒரு தையல்காரம்மாவின் வீட்டில் வேலை தொடங்கியது. இரண்டாவது மாடி, ஆள் திரும்பவே இடம் போதாத குளியலறை. துருப்பிடித்த இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டு, வெந்நீருக்கும் தண்ணீருக்கும் புதிய பிளாஸ்டிக் குழாய் போட வேண்டும். டைல்ஸை உடைத்து, வளைவில் இருந்த பழைய எல்போ இணைப்பைக் கழற்றினார். அதோடு சேர்ந்து பெரிய குழாயின் மரையும் பொடிப்பொடியாக உதிர்ந்து கையில் வந்தது. விரலால் தடவிப் பார்த்தார். குழாயின் உடம்பே அப்பளம் மாதிரி மெலிந்திருந்தது. புதுக் குழாயை இதில் இணைத்தால் நிற்காது.

தையல்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டாம் பக்கத்தில் இதைத்தான் சொல்லியிருந்தேன் என்றார்.

அவர் புரியாமல் பார்த்தார். உள்ளே போய்த் தாளை எடுத்து வந்தார். ஒரே பக்கம். மொத்தத் தொகைக்குக் கீழே, 'எல்லாம் சேர்த்து இதுவே முழுத் தொகை. வேறு எந்தச் செலவும் வராது' என்று இருந்தது. அதற்கும் கீழே பிளம்பரின் கையெழுத்து.

"இதை நம்பித்தாண்ணே சீட்டுப் பணத்தை எடுத்தேன். இப்ப மேல கேட்டா நான் எங்க போவேன்?"

பிளம்பர் தாளைத் திருப்பிப் பார்த்தார். இதை நான் எழுதவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. கையெழுத்து தன்னுடையதாக இருக்கும்போது அந்தப் பேச்சு எடுபடாது என்று பட்டது. "வேற எதுவும் கேக்க மாட்டேன்மா. தண்ணி மட்டும் கொஞ்சம் பிடிச்சு வச்சுக்குங்க" என்றார்.

அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டு மொட்டைமாடித் தொட்டியின் வால்வை மூடினார். சுவரை மேலும் கீழும் கூடுதலாகக் கொத்தி, இற்றுப்போன துண்டை அறுத்தெடுத்து, நல்ல இரும்பு தெரிகிற இடத்தில் மரை வெட்டினார். டீ, யூனியன் என்கிற இணைப்புகளை வைத்துப் புதுத் துண்டைப் பூட்டினார். பிறகு குளியலறைக் குழாய்களைப் போட்டு, அழுத்தம் ஏற்றிச் சோதித்து, மீட்டரின் முள் இறங்கவில்லை என்று உறுதியான பிறகே சுவரை மூடினார். அந்த வேலையில் அவருக்கு மிஞ்சியது தோள்வலிதான்.

கடைக்குப் போய் மச்சானைக் கேட்டார். அவன் தலை குனியவில்லை.

"அந்த ரெண்டாம் பக்கத்தைப் பாத்தாலே ஆளுங்க பயந்து ஓடிடறாங்க மாமா. ஒரு வருஷமா அதை எடுத்துட்டுத்தான் அனுப்பறேன். அதுக்கப்புறம்தான் வேலையே வருது. இதுவரைக்கும் எந்த வீட்லயும் சிக்கல் வரலையே."

"என் கையெழுத்துடா அது."

"அக்காவைக் கேளுங்க. அவ சொல்லித்தான் செஞ்சேன்."

அவன் சொன்னது பொய் இல்லை. மனைவி மழுப்பவும் இல்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "உங்ககிட்ட கேட்டா நிதானமா யோசிச்சு வேணாம்பீங்க. பிள்ளைங்க ஃபீசுக்குப் பள்ளிக்கூடத்துல காத்திருப்பாங்களா?"

வேலை கூடியது தன் பேருக்காகத்தான் என்று அந்த வருடம் முழுக்க அவர் நம்பியிருந்தார். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னபோதெல்லாம் அவள் சிரித்தது நினைவுக்கு வந்தது. தம்பி செய்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

இன்னும் தொடங்காத வீடுகளுக்கெல்லாம் அவரே நேரில் போனார். விடுபட்ட பக்கத்தைக் கையால் எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். சிலர் ஒப்புக்கொண்டார்கள். சிலர் ஏமாற்றுக்காரன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். மீதிக் கையெழுத்துத் தாள்களை வாங்கிக் கிழித்துப் போட்டார். மச்சான் தனியாக ஒரு கடை போட்டுக்கொண்டான். நன்றாகத்தான் ஓடுகிறது என்று கேள்வி.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. அவள் பரிமாறுகிறாள், அவர் சாப்பிடுகிறார். இன்று என்ன வேலை என்று அவள் முன்போலவே கேட்கிறாள். "இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிடுகிறார்.