இல்லாத ஸ்டேஷனில் ஏறச் சொன்னவன்

ஸ்ரீபெரும்புதூரில் ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. கோயில் இருக்கிறது, லாட்ஜ் இருக்கிறது, விடிந்தால் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் கம்பெனி பஸ் இருக்கிறது. ரயில் வேண்டுமென்றால் வேறு ஊருக்குத்தான் போக வேண்டும். இந்தப் பக்கத்தில் பிறந்த எவனுக்கும் இது தெரியும். என் சிநேகிதியை ஏமாற்றிய அந்தப் பொறுக்கிக்குத்தான் தெரியவில்லை.

ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் நானும் அவளும் ஒரே லைன். நான் வடக்குப்பட்டுக்காரி, வீட்டிலிருந்து வந்து போகிறேன். அவள் திருநெல்வேலிப் பக்கம். காண்ட்ராக்ட்காரர் நடத்தும் ஹாஸ்டலில் ஒரு கட்டில். வேலை போனால் அன்றைக்கே கட்டிலும் போய்விடும். அதுதான் அங்கே சட்டம்.

ஒரு வியாழக்கிழமை கேன்டீனில் சாம்பார் சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு போனை நீட்டினாள். முகம் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"வேலைய விடுதேன்னு பேப்பர் போட்டுட்டேன்ட்டி. நேத்தே சூப்பர்வைசர் கையில குடுத்துட்டேன். சனிக்கிழமையோட சரி. திங்கக்கிழம பெரிய கம்பெனியில சேரச் சொல்லியிருக்காவ. கம்பெனி ரோல்!"

கம்பெனி ரோல் என்றால் காண்ட்ராக்ட் இல்லை, நேராகக் கம்பெனி ஆள். அந்த இரண்டு வார்த்தைக்காக இங்கே எத்தனை பேர் சாமிக்கு நேர்ந்துகொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போது தினமும் எட்டிப் பார்ப்போமே, நீலக் கூரை போட்ட பெரிய கம்பெனி, அதன் பெயர்தான் போனில் இருந்தது. வேலை தேடுகிறவர்கள் போகும் இணையதளத்தில் ஒரு ப்ரொஃபைல். கோட்டு போட்ட ஒருவன், பின்னால் கம்பெனி லோகோ, கீழே சீனியர் ஹெச்.ஆர். என்ற பட்டம். ஆஃபர் லெட்டரும் அனுப்பியிருந்தான். அதன் கடைசி வரியைப் படித்தேன். கம்பெனி பஸ் திங்கள் காலை ஸ்ரீபெரும்புதூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நிற்கும்.

"இன்னாடி இது? அந்த ஊர்ல ஏதுடி ரயில்வே ஸ்டேஷன்?"

"இல்லையா?" என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? ஊருக்குப் போக செங்கல்பட்டில் ரயில் ஏறுவாள், வந்து ஹாஸ்டலில் இறங்குவாள். இரண்டு வருஷமாக இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஸ்ரீபெரும்புதூரைப் பார்த்ததில்லை.

யூனிஃபார்முக்கு முன்பணம் கேட்டிருந்தான். ஆதார் படம், பாஸ்புக் படம் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டது. எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. அவனுக்கு நாலு வார்த்தை நன்றாகக் கொடுக்கலாம் என்று டைப் அடித்தே விட்டேன். அனுப்பப் போகையில் கை நின்றது. திட்டினால் உஷாராகிவிடுவான், ப்ரொஃபைலை அழித்துவிட்டு ஓடிவிடுவான். அப்புறம் எதைக் காட்டி எவனிடம் பேசுவது?

"அந்தக் கம்பெனிக்கே எழுதிக் கேக்கறேன், இரு."

அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "எழுதாதட்டி! அவியளுக்குக் கோவம் வந்து ஆஃபரையே கேன்சல் பண்ணிட்டா நான் என்ன செய்வேன்?"

"இல்லாத வேலையை எவன்டி கேன்சல் பண்ணுவான்?"

அவள் அழுதாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது, மறைப்பானேன். டீ நேரத்தில் அவளே வந்து, தன் பெயரைப் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு எல்லாவற்றையும் என் போனுக்கு அனுப்பினாள்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ப்ரொஃபைல் லிங்க்கை எடுத்து வைத்தேன். சாட்டையும் ஆஃபர் லெட்டரையும் படம் பிடித்து, அவள் பெயரையும் ஆதார் நம்பரையும் மறைத்தேன். அந்தத் தளத்திலேயே போலி என்று புகார் கொடுத்தேன். அவன் கொடுத்திருந்த முகவரியை நம்பாமல், கம்பெனியின் சொந்த வெப்சைட்டுக்குப் போய் ஹெச்.ஆர். மெயிலை எடுத்தேன். முதலில் எழுதியதில் பாதி சாபம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு இதை அனுப்பினேன்:

"வணக்கம். உங்கள் கம்பெனி பெயரில் ஆள் எடுக்கும் ஒரு ப்ரொஃபைல் போலி என்று சந்தேகிக்கிறேன். லிங்க், ஆஃபர் லெட்டர், சாட் படங்கள் இணைப்பில் உள்ளன. அவர் மெயில் உங்கள் கம்பெனி முகவரியிலிருந்து வரவில்லை. முன்பணம் கேட்கிறார். பஸ் ஏறச் சொல்லும் ரயில்வே ஸ்டேஷன் அந்த ஊரிலேயே இல்லை. இவர் உங்கள் ஆளா, இந்த ஆஃபர் உண்மையா என்று தயவுசெய்து உறுதிப்படுத்துங்கள். இதை நம்பி ஒரு பெண் வேலையை விடுகிறாள். சனிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள்."

உடனே பதில் வந்தது. தானாக வரும் பதில். உங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி, தகுதி இருந்தால் அழைப்போம். அடப்பாவிகளா! வேலை கேட்டா எழுதினேன்? தளத்திலிருந்து வந்தது இன்னும் மோசம்: பார்த்தோம், விதிமீறல் எதுவும் இல்லை. கோட்டு போட்டவன் அங்கேயே சிரித்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் வரவில்லை. லைனில் போன் கூடாது, லாக்கரில் பூட்ட வேண்டும். இடைவேளை விட்டதும் நான் ஓடிப் போய்ப் பார்ப்பேன். அவள் பார்க்காத மாதிரி என்னைப் பார்ப்பாள். அன்று மாலை துணிமணியைப் பையில் அடுக்கியதாகச் சொன்னாள்.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில்தான் ஒரு மனுஷர் எழுதிய பதில் வந்திருந்தது. இந்தப் பெயரில் எங்களிடம் யாரும் இல்லை. இந்த ஆஃபர் எங்களுடையது அல்ல. வேலைக்கு நாங்கள் பணம் வாங்குவதில்லை. கம்பெனி சார்பில் தளத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம், வெப்சைட்டிலும் எச்சரிக்கை போடுகிறோம். அந்தப் பெண்ணை பேங்க்கில் உடனே சொல்லி வைத்துவிட்டு, சைபர் கிரைமிலும் புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.

அவள் இரண்டு தடவை படித்தாள். "இப்ப ஒனக்குச் சந்தோசமா?" என்றாள்.

சுருக்கென்றது. ஆனாலும் கையைப் பிடித்து சூப்பர்வைசரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் உள்ளூர்க்காரர், சிடுமூஞ்சி. பேப்பரைத் திரும்ப வாங்க வந்திருக்கிறோம் என்றதுமே கத்தினார்.

"இன்னாமா வெளையாடறீங்களா? நெனச்சா போட்றது, நெனச்சா எடுக்கறதா? வேற ஆள் கேட்டாச்சு, போ போ."

"ஏமாத்திட்டான் சார்" என்று போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் சலித்துக்கொண்டே வாங்கினார். கோட்டு போட்டவனின் படம் வந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. மறுபடி மேலே தள்ளிப் படித்தார். ஹெச்.ஆர். பதிலையும், அதன் கீழே நான் எழுதியிருந்ததையும் படித்தார். கத்தின மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கும் அதே ரயில்வே ஸ்டேஷனா?" என்று அவளைக் கேட்டார்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் கேட்டேன்.

"சார், நீங்க இந்த ஊரு. ஸ்டேஷன் இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"பஸ் ஸ்டாண்டத்தான் மாத்திப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்மா" என்றார். "கம்பெனி ரோலுன்னான்."

டிராயரைத் திறந்து அவளுடைய பேப்பரை எடுத்தார். வேறு ஆள் கேட்டாச்சு என்றது சும்மா; மேலே அனுப்பாமல் அங்கேயே வைத்திருந்திருக்கிறார். அதைக் கிழித்தார். அதற்கடியில் இன்னொரு பேப்பர் இருந்தது, அவர் கையெழுத்தில். அதையும் கிழித்தார். அவள் அங்கேயே ஓவென்று அழுதாள். நான் அவனை, அந்த நாசமாய்ப் போகிறவனை, வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு பெண் பிள்ளை எதிரில் என்ன பேச்சு என்று எப்போதும் அதட்டுகிற சூப்பர்வைசர் அன்றைக்குக் கிழித்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பெல் அடித்தது. நாங்கள் லைனுக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"இந்தாமா. அந்தக் கம்பெனிக்குப் போட்ட மெயில்ல ஒரு பொண்ணுன்னு எழுதிக்கீறியே. ரெண்டு பேருன்னு மாத்தி எழுதி அனுப்பு."