ஐம்பத்தொன்பது சீட்டுகள்

பள்ளியில் அவளுக்குப் பெயர் ஆபீஸ் அக்கா. பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பிள்ளைகளின் தாத்தாக்களுக்கும் அவள் அக்காதான். பத்தொன்பது வருடமாக அந்தப் பள்ளியிலிருந்து வீடுகளுக்குப் போன ஒவ்வொரு சுற்றறிக்கையும் அவள் விரல் பட்டுப் போனது. "பெற்றோர் கவனத்திற்கு" என்ற இரண்டு வார்த்தையை அவள் எத்தனை ஆயிரம் முறை தட்டியிருப்பாளோ, அந்த விசைகளில் எழுத்தே தேய்ந்து போயிருந்தது.

ஆறாம் வகுப்பின் ரயில் பயணத்துக்கான அறிக்கையையும் அவள்தான் தயாரித்தாள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குள் ரயில் நிலைய வாசலில் இருக்க வேண்டும். வண்டி ஆறு நாற்பதுக்கு. பெண் பிள்ளைகள் ஏழாம் பெட்டி, ஆண் பிள்ளைகள் எட்டாம் பெட்டி. தண்ணீர் பாட்டில், ஒரு மாற்று உடை, துண்டு, வாந்தி வரும் பிள்ளைகளுக்கு மாத்திரை, கழுத்தில் அடையாள அட்டை. நகை வேண்டாம், செல்போன் வேண்டாம். பயணச்சீட்டு எல்லாம் மொத்தமாக ஆசிரியரிடம் இருக்கும். அடியில் புள்ளிக் கோடு. அதற்குக் கீழே பெற்றோர் கையெழுத்திட்டுக் கிழித்து அனுப்ப வேண்டிய சீட்டு.

வியாழக்கிழமை மதியம் ரயில்வேயிலிருந்து அவள் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. நேரம் மாறிவிட்டது. வண்டி அரை மணி முன்னதாக, ஆறு பத்துக்கே புறப்படும்.

அவள் பதறவில்லை. பதறுவதற்கு நேரமும் இல்லை. பள்ளி விடுவதற்குள் திருத்திய அறிக்கை அறுபது படி எடுத்து வகுப்புகளுக்கு அனுப்பிவிட்டாள். ஐந்தரைக்கு வாசலில், ஆறு பத்துக்கு வண்டி. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாள். மறுநாள் சாயங்காலம் நான்கு மணிக்குத் திரும்பி வந்த சீட்டுகளை எண்ணினாள். ஐம்பத்தொன்பது. மறுபடி எண்ணினாள். ஐம்பத்தொன்பதுதான்.

பட்டியலில் விடுபட்ட எண்ணின் பக்கத்தில் அவள் கையாலேயே "அக்கா வழி" என்று எழுதியிருந்தது.

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்தால் அறிக்கையை மூத்த பிள்ளையிடம் கொடுத்தால் போதும் என்பது அவள் கொண்டுவந்த வழக்கம். சின்னதுகள் காகிதத்தைக் கப்பல் செய்துவிடும், பெரியது பத்திரமாகக் கொண்டுபோகும் என்று தலைமையாசிரியை பெரிய மிஸ்ஸிடம் வாதாடி வாங்கிய வழக்கம். சீட்டு வராத சின்னப் பெண்ணின் அக்கா பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்புக்கோ புதன்கிழமையிலிருந்து பரீட்சைக்குப் படிக்க விடுமுறை. ஆபீஸ் அக்கா மாடியிலிருந்த பத்தாம் வகுப்புக்கு ஓடினாள். காலி வகுப்பறையில், மேசை மேல், டஸ்டருக்கு அடியில், பியூன் வைத்துவிட்டுப் போன அந்தக் காகிதம் கசங்காமல் படுத்திருந்தது.

சின்னவளிடமாவது யாராவது சொல்லியிருப்பார்களா? வகுப்பு ஆசிரியை கையை விரித்தாள். சின்னவளுக்கு லேசான சளி. டூருக்குள் தேறட்டும் என்று இரண்டு நாளாகப் பள்ளிக்கே அனுப்பவில்லையாம்.

தாயின் கைப்பேசி பட்டன் போன், வாட்ஸ்அப் கிடையாது. அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து முறை, எட்டு முறை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கே போனாள். பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெண் அரிசி களைந்துகொண்டே விவரம் சொன்னாள். அந்த அம்மாளுக்கு ஏதோ கம்பெனியில் நைட் டூட்டி, போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், பிள்ளைகள் சித்தி வீட்டில் தூங்குவார்கள். சித்தி வீடு எங்கே? அது தெரியாது. எந்தக் கம்பெனி? அதுவும் தெரியாது. அடுத்த வீட்டு விஷயம் எல்லாம் தெரிந்த உலகத்தில், வேண்டிய ஒரே விஷயம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

கதவிடுக்கில் அறிக்கையைச் செருகிவிட்டு, நேராகப் பெரிய மிஸ் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். மூடி மறைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. பெரிய மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு பிள்ளைக்காக வண்டி நிற்காது, ஐம்பத்தொன்பது பேரை இறக்கவும் முடியாது என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று அவள் கண் மூடவில்லை. நாலு மாதமாக அந்தச் சின்னப் பெண் ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அக்கா, டூர் உண்டுதானே, கேன்சல் இல்லியே?" என்று கேட்ட குரல் காதிலேயே நின்றது.

காலை ஐந்து மணிக்கே நிலைய வாசலில் நின்றாள். பிள்ளைகள் வந்தார்கள், கூச்சலிட்டார்கள், பி.டி. மாஸ்டர் விசிலோடு வரிசை பிடித்து உள்ளே கூட்டிப்போனார். ஐந்து ஐம்பது. ஏழாம் பெட்டி நடைமேடையின் அந்தக் கோடியில் நிற்கிறது என்று போன் செய்தார். வாசலிலிருந்து படியேறி, பாலம் கடந்து, அங்கே நடக்கப் பெரியவர்களுக்கே ஏழு நிமிடம் ஆகும்.

அவள் நம்பிக்கை ஒன்றே ஒன்றுதான். பழைய அறிக்கையை நம்பி அவர்கள் சரியாக ஆறு மணிக்கு வந்தால் பத்து நிமிடம் மிச்சம். மற்ற பெற்றோரைப் போல ஆற அமர வந்தால் முடிந்தது கதை.

ஆறு மணி. யாரும் இல்லை. ஆறு ஒன்று. ஆறு இரண்டு.

ஆறு மூன்றுக்கு ஒரு நகரப் பேருந்திலிருந்து அக்காவும் தங்கையும் இறங்கினார்கள். தங்கை கழுத்தில் அடையாள அட்டை, கையில் தண்ணீர் பாட்டில். அறிக்கையில் சொன்னது சொன்னபடி. அக்கா நிதானமாகச் சிரித்தாள். "குட் மார்னிங் அக்கா. மூணு நிமிஷம் லேட்டாயிடுச்சு, சாரி."

"வண்டி ஆறு பத்துக்கு. ஓடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பையைப் பிடுங்கித் தோளில் மாட்டினாள். சின்னவளின் கையைப் பிடித்தாள். நாற்பத்தாறு வயது முழங்கால் படிகளில் அலறியது. பாலத்தில் எதிரே வந்த கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடும்போதே பி.டி. மாஸ்டருக்குப் போன் போட்டாள். ஏழாம் பெட்டிக்கு வர நினைக்காதீங்க, பாலத்துக்கு நேரா இருக்கிற பெட்டியிலேயே ஏத்துங்க, உள்ளே வழி இருக்கு, நான் நடந்து வந்து கூட்டிக்கிறேன் என்றார் அவர்.

கீழே இறங்கியபோது எதிரே நின்றது பதினாலாம் பெட்டி. கடிகாரத்தில் ஆறு ஒன்பது. சின்னவளைத் தூக்கிப் படியில் வைத்து, பையைப் பின்னால் தள்ளினாள். கதவருகே இருந்த ஒரு பெண்மணியிடம், வாத்தியார் வருகிற வரை இவளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். வண்டி குலுங்கியது. நகர்ந்தது.

அவளும் பின்னாலேயே ஓடிவந்த மூத்தவளும் நடைமேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு பி.டி. மாஸ்டரின் குரல் போனில் வந்தது: "அறுபது. ஏழுல உக்காந்தாச்சு. ஜன்னல் சீட்டுக்கு அதுக்குள்ள சண்டை போடுறா."

அக்காகாரி அப்போதுதான் அழுதாள். தான் நேரத்தைத் தவறாகப் பார்த்துவிட்டோம், அம்மா நம்பி விட்டுப்போன பொறுப்பைக் கெடுத்துவிட்டோம் என்று பயந்திருக்கிறாள். ஆபீஸ் அக்கா அவள் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, தவறு யாருடையது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

ஆறரைக்குத் தாய் அழைத்தாள். வேலை முடிந்து கேட்டில் போனை வாங்கியதும் பள்ளிக்கூட ஆபீஸ் அக்காவிடமிருந்து இத்தனை தவறிய அழைப்பு என்றால் எந்தத் தாய்க்கு உயிர் தரிக்கும்? "என் புள்ளைக்கு என்னம்மா ஆச்சு?" என்ற குரலில் ஓர் இரவு வேலையின் களைப்பும் இல்லை; நடுக்கம் மட்டும்தான்.

"ஒண்ணும் ஆகல. ஏறிட்டா. நல்லா இருக்கா. டைம் மாறினதை உங்களுக்குச் சேக்காம விட்டது நான்தான். என்னை மன்னிச்சுடுங்க."

திட்டு வரும் என்று ஆபீஸ் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பெரியவ பக்கத்துல இருக்காளா? காலைல ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா அது. ஏதாச்சும் வாங்கிக் குடுத்து பஸ் ஏத்தி விடுங்கம்மா. உங்களோட சண்டையை நான் அப்புறமா வச்சுக்கறேன்."

ஆபீஸ் அக்கா எழுந்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நிலையத்து டீக்கடைக்கு அழைத்துப் போனாள்.