ரெண்டு கையெழுத்துப் பணம்

சின்னப்பாவிடம் பணம் இருக்கிறது என்பது கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளின் கோரமண்டல் லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். தண்ணி டேங்கர்காரனுக்குத் தெரியும். தேர்தல் சமயத்தில் மட்டும் வணக்கம் சொல்கிறவர்களுக்குத் தெரியும். சின்னப்பாவுக்கும் தெரியும். அந்தப் பணத்துக்குத்தான் சின்னப்பாவைத் தெரியாது.

மைன்ஸ் மூடியபோது கைக்கு வந்த செட்டில்மென்ட் துட்டு அது. அந்த மாதம் ஊரில் சாராயக் கடைக்காரர்களைவிட மகிழ்ச்சியாக இருந்த மனிதர்கள் யாருமில்லை. காலையில் செக்கை வாங்கி மாலையில் வெறும் கவரோடு வீடு திரும்பியவர்களைச் சின்னப்பா கண்ணால் பார்த்தார். அவரே நல்ல குடிகாரர். தன் மேல் அவருக்கு அணுவளவும் நம்பிக்கை கிடையாது. வாழ்க்கையில் அவர் சரியாகக் கணித்த ஒரே ஆள் அவர்தான்.

யோசனை சொன்னவர் மரியகுழந்தை. இருபது வருஷம் ஒரே கேஜ் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி ஒரே லெவலில் வேலை பார்த்த கூட்டாளி. பூமிக்கடியில் பாறைக்கு வெடி வைத்துவிட்டுத் தள்ளி நின்று, வைத்ததெல்லாம் வெடித்ததா என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சத்தத்தை எண்ணுவார்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் உள்ளே போவார்கள். ஒருவன் எண்ணியதை மட்டும் நம்பிப் போனவர்கள் கல்லறையில் இருந்தார்கள்.

"டே சின்னப்பா, துட்டும் வெடி மாதிரிதான்டா. ஒருத்தன் கையில உடாதே. உன் துட்டு மேல என் பேரும் போடு, என் துட்டு மேல உன் பேரும் போடு. ரெண்டு கையெழுத்து உழுந்தாதான் எடுக்கணும்."

அப்படியே செய்தார்கள். வங்கியில் வைப்புநிதி ரசீது இரண்டு பேர் பெயரில், இருவரும் சேர்ந்தே இயக்க வேண்டும் என்ற குறிப்போடு. யாராவது ஒருவர் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டால் வசதி என்றார் அப்போதிருந்த கிளார்க். வசதி வேண்டாம் என்பதற்காகத்தானே வந்திருக்கிறோம் என்றார் மரியகுழந்தை.

அன்று மாலை சின்னப்பாவின் மனைவி சுலோச்சனா, மரியகுழந்தைக்கு டீ கொடுத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, இந்த மனுஷன் காலுல உழுந்து அழுதாலும் கையெழுத்து போடாதீங்க. நானே வந்து கேட்டாலும் போடாதீங்க. என்னை அடிச்சு அனுப்பியிருப்பாரு."

"மாதா சத்தியமா போட மாட்டேன் தங்கச்சி."

ஏற்பாடு பிரமாதமாக வேலை செய்தது. ஒருநாள் போதையில் கையெழுத்து கேட்டு வந்த மரியகுழந்தையைச் சின்னப்பா கன்னத்தில் ஒன்று விட்டு அனுப்பினார். அந்தப் பணத்தில்தான் பிற்பாடு மரியகுழந்தையின் மகள் லதாவுக்குக் கல்யாணம் நடந்தது. கல்யாண வீட்டில் மரியகுழந்தை, வந்தவர்களிடமெல்லாம் தன் கன்னத்தைக் காட்டி, "இது என் மச்சான் கட்டுன மொய்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சின்னப்பாவின் பணம் மட்டும் வைப்பில் நின்று வட்டி போட்டு வளர்ந்தது. அவர் குடியை விட்டுப் பல காலமாகிவிட்டது. புதுப்பிக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, பிரியாணி தின்றுவிட்டு வருவார்கள். புதிதாக வந்த கன்னடக்கார மேனேஜர் மமதா, "ஈகலாவது, இப்பவாவது மாத்திக்கிங்க தாத்தா, ரெண்டு பேரும் வயசானவங்க" என்றபோது இருவரும் சிரித்தார்கள். சத்தியத்துக்கு வயசாகுமா என்று கேட்டார்கள்.

சத்தியத்துக்கு வயசாகவில்லை. மரியகுழந்தைக்கு ஆயிற்று. மனைவி செத்துப்போனதை மறந்தார், சாப்பிட்டதை மறந்தார், லதாவையே சில நேரம் "நீ யார் ஊட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டார்.

அந்த வருஷம்தான் சுலோச்சனா டேங்கர் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்து இரும்பு வைத்தால் எழுந்து நடப்பாள், தள்ளிப்போட்டால் படுக்கைதான் என்றார் டாக்டர். அரசாங்க மருத்துவ அட்டைக்கு வரிசை இருந்தது. வரிசை எப்போது நகரும் என்று சொல்ல ஆள் இல்லை. தனியார் ஆஸ்பத்திரியில் வரிசை இல்லை, முன்பணம் இருந்தது.

மகன் வேந்தன் பெங்களூரில் ஒரு குடோனில் சூப்பர்வைசர். அதிகாலை ரயிலில் போய் இரவு ரயிலில் வருகிறவன். போனைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "பர்சனல் லோன் எடுத்துடறேன்பா. அஞ்சு நிமிஷத்துல வருது. வட்டி இருபத்தாறு."

"இன்ஷூரன்ஸ் கட்றியே, அது மேல குடுக்க மாட்டாங்களா?"

"அது செத்தா மட்டும் துட்டு தர்ற பாலிசிப்பா. அது மேல லோன் கெடையாது."

சின்னப்பா வங்கிக்குப் போனார். மமதா கணக்கைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "தாத்தா, டெபாசிட்டை உடைக்கவே வேண்டாம். அது மேலேயே கடன் தர்றேன். நூத்துக்குத் தொண்ணூறு வரைக்கும். டெபாசிட் வட்டிக்கு மேல ஒரு பர்சென்ட்தான். டெபாசிட்டும் அது பாட்டுக்கு வட்டி போடும். சம்பளச் சீட்டு வேண்டாம், கிரெடிட் ஸ்கோர் வேண்டாம். துட்டு இருக்கறப்ப கட்டுங்க. கட்டற வரைக்கும் டெபாசிட் எங்க பிடியில இருக்கும், அவ்ளோதான்."

சின்னப்பாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தப் பணம் முதல்முறையாக அவர் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"ஆதரே... ஆனா, இன்னொரு சைன் வேணும் தாத்தா. மரியகுழந்தை தாத்தாவைக் கூட்டினு வாங்க."

மரியகுழந்தை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சின்னப்பாவை அடையாளம் தெரிந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தார் சின்னப்பா. லதா காபி கொண்டுவரப் போனாள்.

"மச்சான், சுலோச்சனா உழுந்து இடுப்பு ஒடஞ்சிருச்சு. டெபாசிட் மேல கடன் வாங்கணும். ஒரு கையெழுத்து."

மரியகுழந்தையின் முகம் மாறியது. கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. "எங்க, ஊது."

"இன்னா?"

"வாயை ஊதுடா."

சின்னப்பா ஊதினார். மரியகுழந்தை மோந்து பார்த்து யோசித்தார். "வாசனை வராத சரக்கு வந்துகிது போல."

"குடியை உட்டு எவ்ளோ காலமாச்சு மச்சான்! உடைக்கவே போறதில்லை. டெபாசிட் அப்படியே இருக்கும், அது மேல..."

"இப்படித்தான்டா நானும் ஒருநாள் உங்கிட்ட கதை உட்டேன். நீ இன்னா செஞ்சே?" மரியகுழந்தை தன் கன்னத்தைத் தடவினார். பெற்ற மகளை மறந்தவர், அந்த அறையை மறக்கவில்லை.

காபியோடு வந்த லதா போனில் சுலோச்சனாவைக் கூப்பிட்டு அப்பாவின் காதில் வைத்தாள். "அண்ணே, நான்தாண்ணே. வலி தாங்க முடியலண்ணே. போட்டுக் குடுங்கண்ணே" என்று சுலோச்சனா அழுதது வாசல்வரை கேட்டது.

மரியகுழந்தை போனைத் திருப்பிக் கொடுத்தார். எழுந்து சின்னப்பாவின் சட்டையைப் பிடித்தார். "பாவி! அடிச்சுப் பேச வெச்சுட்டியாடா? அந்தப் புள்ள அன்னிக்கே சொல்லுச்சு, நீ அடிச்சு அனுப்புவேன்னு!"

மறுநாள் லதா, சர்ச்சுக்குப் போகலாம் என்று சொல்லி அப்பாவை ஆட்டோவில் ஏற்றி வங்கிக்குக் கொண்டுவந்தாள். மேஜையில் தாளைப் பார்த்ததும் மரியகுழந்தை எழுந்து நின்றுவிட்டார். பென்ஷன் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, "இவன் குடிச்சிக்கிறான்! இவன் பொண்டாட்டி துட்டும்மா இது! குடுத்துடாதே!" என்று கத்தினார். வரிசையில் நின்ற பழைய தொழிலாளிகள் சின்னப்பாவை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். இந்த வயசிலுமா என்று ஒருவர் கேட்டே விட்டார்.

லதா அப்பாவின் கையைப் பிடித்துப் பேனாவைச் செருகினாள். மமதா தாளை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா. இஷ்டமில்லாம, புரியாம போடற சைனை நான் வாங்கக் கூடாது. அப்பாவுக்குப் பதிலா சைன் போட, கோர்ட்ல நீங்க கார்டியன் ஆர்டர் வாங்கணும்."

"எத்தனை நாளாகும் மேடம்?" என்றார் சின்னப்பா.

"நாளா?" மமதா காலண்டரைப் பார்த்தாள். பிறகு அதிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

லதா அப்பாவை வெளியே கூட்டிப் போனபின் சின்னப்பா குரலைத் தாழ்த்தினார். "மேடம்... தப்பா நெனைக்காதீங்க. மச்சான் போய்ட்டார்னா? அப்ப எனக்கு வந்துடுமா?"

கேட்டு முடித்ததும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். மமதா மெதுவாகச் சொன்னாள். "இல்ல தாத்தா. சேர்ந்தே எடுக்கணும்னு போட்டிருக்கீங்க. அவர் போனாலும் அவரோட வாரிசுங்க எல்லாம் வந்து சைன் போடணும். லதா இருக்காங்க, வெளிநாட்டுல ஒரு மகன் இருக்காராமே, அவரும்."

கூட்டாளி செத்தாலும் உதவ முடியாதபடி அவ்வளவு கெட்டியாகப் பூட்டியிருந்தார்கள். நல்ல வேலைக்காரர்கள்.

பர்சனல் லோன் ஐந்து நிமிஷத்தில் வந்தது என்பது உண்மைதான். அதற்கு முன்னால் வேந்தனின் ஸ்கோர் குறைவு என்று இரண்டு கம்பெனிகள் தள்ளிவிட்டன. அதில் போன நாட்கள் சுலோச்சனாவின் நாட்கள். மூன்றாவது கம்பெனி, பிராசஸிங் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தது. ஆபரேஷன் நடந்தது. அதற்குள் படுக்கைப் புண் வந்து, நெஞ்சில் சளி கட்டியிருந்தது. இரும்பு சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, அம்மாதான் எழுந்திருக்கவில்லை என்றார் டாக்டர்.

வேந்தன் இப்போது இரட்டை ஷிப்ட் பார்க்கிறான். குடோனிலேயே படுத்துக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிப்போவான். தவணைத் தேதிக்கு முந்தின நாளிலிருந்தே போன் அடிக்கும். சின்னப்பாவின் டெபாசிட் ஏழு பர்சென்டில் வளர்கிறது, மகனின் கடன் இருபத்தாறில் வளர்கிறது. அப்பனும் மகனும் இப்படிப் போட்டி போட்டு வளர்க்கும் குடும்பம் கோலார் ஜில்லாவில் வேறெங்கும் இருக்காது.

ஒரு மத்தியானம் லதாவின் கையைப் பிடித்துக்கொண்டு மரியகுழந்தை வந்தார். வீட்டை யாரும் காட்டவில்லை. காலே கொண்டுவந்து விட்டது. சின்னப்பா சுலோச்சனாவைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். மரியகுழந்தை அவரைக் கண்டுகொள்ளவில்லை. கட்டில் பக்கம் குனிந்து, ரகசியம் போலச் சொன்னார்:

"தங்கச்சி, உன் புருஷன் வந்தான். அழுதான், காலுல உழுந்தான், பாங்க் வரைக்கும் இழுத்துனு போனான். நான் போடலையே! உன் துட்டு பத்திரமா இருக்குது."

சின்னப்பா பவுடர் டப்பாவை வைத்துவிட்டு எழுந்தார். இன்னொரு அறை விட்டால்தான் என்ன என்று கை சொன்னது. சுலோச்சனா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தாள்.

"நல்லா காப்பாத்தினீங்கண்ணே" என்றாள். "அண்ணனுக்கு டீ போட்டுக் குடுங்க."

சின்னப்பா அடுப்பைப் பற்றவைத்தார்.